அறுவடைச் சடங்கை வைத்து ஒரு நாட்டார் திகில் கதை எழுதுவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

ஊரும் நிலமும் ஊரார் நம்பிக்கையும் சேர்ந்து தாமாகவே பயத்தை உண்டாக்கும் கதையைத்தான் இங்கே நாட்டார் திகில் என்கிறேன். வெளியிலிருந்து பேய் எதுவும் வராது. வருடா வருடம் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை ஒருவர் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறார். அவ்வளவுதான் நடக்கும்.

இப்படி ஒரு கதையை நான் நான்கு முறை திருத்தி எழுதியிருக்கிறேன். கதை எழுத ஒன்றுகூடும் நண்பர்கள் சிலர் இதே வகையை முயன்றபோது பக்கத்தில் இருந்து பார்த்தும் இருக்கிறேன். தடுக்கி விழுந்த இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை வேலை நடக்கிற வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்கு என்னுடைய ‘எட்டு மரக்கால்’ கதையையே எடுத்துக்கொள்கிறேன். களம் காவிரி டெல்டா, கடைமடைப் பக்கம். பருவம் சம்பா அறுவடை. ஊர் கற்பனை.

## 1. எழுதுவதற்கு முன்: ஒரு நாள் வேலையை மணிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் வேண்டியது கதை இல்லை, ஒரு பட்டியல். அறுவடை நாளில் காலையிலிருந்து இரவு வரை யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள். பயிர் எதுவானாலும் இது வேண்டும். சடங்கு என்பது வேலையின் இடுக்கில் உட்கார்ந்திருப்பது. வேலை தெரியாமல் எழுதினால் சடங்கு தனியாக மேடையில் நிற்கும். மேடையில் நிற்பதைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள்.

என் பட்டியலில் இருந்தவை இவை. தை, மாசியில் பனி இறங்கும். கதிர் ஈரமாக இருப்பதால் அறுவடை வண்டியைக் காலையிலேயே இறக்க முடியாது. பனி காய மணி பத்தாகிவிடும். அதுவரை வண்டி ஓட்டுநரும் கிளீனரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வயல் ஈரமாக இருந்தால் செயின் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. வாடகை மணிக்கணக்கு. அதனால் வண்டி ஓடும் நேரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். அறுத்த நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். அங்கே மூட்டை 40 கிலோ. முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே ராத்திரியில் ஒருவர் படுத்திருக்க வேண்டும்.

இந்த விவரங்களில் பாதி கதைக்குள் வராது. ஆனால் கதையின் ஓட்டத்தை இவைதான் தீர்மானித்தன. பனி காயக் காத்திருக்கும் நேரம் எனக்குப் பேச்சுக்கான இடத்தைக் கொடுத்தது. வண்டி ஓடும் நேரம், ஒருவர் கேள்வி கேட்டாலும் பதில் கிடைக்காமல் போகிற நேரத்தைக் கொடுத்தது. குவியலுக்குக் காவல் இருப்பது இரவுக் காட்சியைக் கொடுத்தது. எதையும் நான் வலிந்து கொண்டுவரவில்லை.

இங்கே பலரும் செய்யும் தவறு பொங்கல் விழாவிலிருந்து தொடங்குவது. விழாவில் எல்லோரும் விழாவுக்கான முகத்தோடு இருப்பார்கள். வேலை நாளில்தான் மனிதர்கள் கவனமில்லாமல் உண்மையைப் பேசுவார்கள்.

## 2. சடங்குக்கு முதலில் நேர்மையான ஒரு காரணம் கொடுங்கள்

விசித்திரமான சடங்கைக் கண்டுபிடிக்கத்தான் புதிதாக எழுதுகிறவர்கள் அலைகிறார்கள். நான் சொல்வது, யாருக்கும் சந்தேகம் வராத ஒன்றை எடுங்கள். அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்மையிலேயே இருக்க வேண்டும். அந்தக் காரணம் சரியாக இருந்தால் வாசகர் முதல் பத்து நிமிடம் அதை ஒத்துக்கொண்டே வருவார். பின்னால் அது போதாமல் போகும்போது அவரும் சேர்ந்து சறுக்குவார்.

நான் எடுத்தது மூலை. வயலின் நான்கு மூலைகளிலும் அறுவடை வண்டி சரியாகத் திரும்ப முடியாது. அதனால் மூலைகளை மட்டும் ஆளை வைத்துக் கதிர் அரிவாளால் அறுப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். என் கதையில் மதகை ஒட்டிய மூலையைக் கையால் அறுக்கிறார்கள். அதில் வியப்பு ஒன்றுமில்லை. மற்ற மூன்று மூலைகளை வண்டி வருவதற்கு முன்னால் அறுக்கிறார்கள், இந்த ஒன்றை மட்டும் வண்டி வெளியேறிய பின் அறுக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். வண்டி திரும்புவதற்காகத்தான் மூலையை அறுப்பது என்றால், வண்டி போன பிறகு அறுப்பதில் என்ன பயன்? கூர்ந்து படிப்பவர் அங்கேயே ஒரு கணம் நிற்பார். மற்றவர்கள் கடந்துவிடுவார்கள். இரண்டுமே நமக்கு நல்லதுதான்.

நீங்கள் எடுக்கும் சடங்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். “எங்க ஊர்லயும் இப்படித்தான்” என்று அவர் சொன்னால் சரி. “அப்படியா, எந்த ஊர்ல?” என்று கேட்டால் சடங்கு சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிட்டது.

## 3. கணக்கில் ஒரே ஒரு இனத்தை மட்டும் மாற்றுங்கள்

அறுவடைச் சடங்குகளில் பெரும்பாலானவை அடியில் கணக்குகள். யாருக்கு எவ்வளவு, எந்த வரிசையில் என்பதுதான் அவற்றின் எலும்பு. களத்தில் நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அளந்த நெல்லிலிருந்து வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு, காவல்காரருக்கு என்று பங்கு போகும். கோவிலுக்கும் போகும்.

பயத்தை இந்தப் பட்டியலுக்குள் வையுங்கள். பங்கு வாங்கும் ஆட்களின் வரிசையில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். அதை வாங்க யாரும் வருவதில்லை. அவ்வளவு போதும். இரண்டாவதாக ஒன்றை மாற்றாதீர்கள். ரத்தம் தடவிய அரிவாள், தலைகீழாகக் கட்டிய கதிர், நள்ளிரவு உடுக்கை என்று அடுக்கினால், எதைக் கவனிப்பது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.

என் கதையில் மதகு மூலையின் நெல்லைத் தனியாக அடித்து, பழைய மரக்காலால் எட்டு அளக்கிறார்கள். எட்டு அளந்ததும் நிறுத்தி, மிச்சத்தைப் பொதுக் குவியலில் கொட்டிவிடுகிறார்கள். அந்த எட்டு மரக்காலுக்கு ‘மதகுக் கூலி’ என்று பெயர். யாருடைய கூலி என்று கேட்டால், “முன்னாடி மதகுல தண்ணி கட்டுனவங்களுக்கு” என்று பதில் வருகிறது. அது உண்மையும்கூட.

அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போடாமல் விட்டு மாட்டிக்கொண்டேன். முதல் வடிவத்தில் அந்த மூலையை ஒரு குழி என்று எழுதியிருந்தேன். குழி என்பது 12 அடிக்கு 12 அடி. படித்துப் பார்த்த ஒரு விவசாயி, “இதுல எட்டு மரக்கா எப்படி வரும்?” என்றார். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 விளைகிறது என்று வைத்துக்கொண்டால் 2400 கிலோ. ஏக்கரில் சுமார் 300 குழி. ஆக, குழிக்கு 8 கிலோ. 60 கிலோ மூட்டையை இரண்டு கலமாகவும், கலத்தைப் பன்னிரண்டு மரக்காலாகவும் எண்ணும் வழக்கப்படி மரக்காலுக்கு இரண்டரைக் கிலோ. ஒரு குழியில் மூன்று மரக்கால்தான் தேறும். எட்டு அளந்து கணிசமாக மிச்சமும் வர வேண்டுமென்றால் மூலை நான்கு குழி இருக்க வேண்டும். மாற்றினேன். மரக்கால் அளவு ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் எழுதும் பகுதியில் என்ன என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திருத்தம் கதைக்கே உதவியது. நான்கு குழி என்பது வரப்பில் நின்று பார்த்தால் கண்ணை உறுத்தும் பரப்பு. வண்டி எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போன வயலில் அது மட்டும் நிற்கிறது. அதற்குமேல் நான் வர்ணிக்க வேண்டியிருக்கவில்லை.

## 4. அடியில் இருக்கும் கடனை உங்களுக்காக மட்டும் எழுதி வையுங்கள்

இப்போது தனித்தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் செத்தார்? யார் சாகவிட்டார்? அதனால் யார் பிழைத்தார்? இந்த வருடம் ஏன் மறுபடியும்? இந்தத் தாள் கதைக்குள் போகாது. ஆனால் இது இல்லாவிட்டால் நீங்கள் போடும் தடயங்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டும்.

அநியாயமாகக் கொல்லப்பட்டவரைப் பிற்பாடு தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நம் கிராமங்களில் பரவலாக உள்ள வழக்கம். கும்பிடுகிறவர்களில் கொன்றவர்களின் வம்சமும் இருக்கும். படையலில் பக்தி எவ்வளவோ அவ்வளவு அச்சமும் உண்டு. நாட்டார் திகிலுக்கு வேண்டிய விசை நம்மிடமே இருப்பது இங்கேதான். அதை விட்டுவிட்டு, வேற்று நாட்டுக் கதைகளின் முகமூடிகளையும் தீமூட்டங்களையும் இறக்குமதி செய்வது வீண் வேலை.

என் தாளில் இருந்தது இது. மழையில் மதகு உடைத்துக்கொள்ளும்போது அடைக்க இறங்கியவர்கள் திரும்பவில்லை. முதல் ஆள் தானாக இறங்கினார். இரண்டாவது ஆளிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். வயல் பிழைத்தது. அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை நிலக்காரர்கள் ஒவ்வோர் அறுவடையிலும் அளந்து வைக்கிறார்கள், கடன் நிற்கக் கூடாது என்று. எட்டாவது ஆள் போனது 1977 நவம்பர் புயலின்போது. இந்த வருடம் ஐப்பசி மழையில் மதகின் சிமென்ட் மறுபடி விரிசல் விட்டிருக்கிறது.

நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சடங்கு நூறு வருடமாக ஒழுங்காக நடக்கிறது என்றால், கதை ஏன் இந்த அறுவடையில் நடக்க வேண்டும்? அதற்குப் பதில் மண்ணில், தண்ணீரில், கட்டுமானத்தில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். விரிசல் விட்ட சிமென்டை முதல் பக்கத்திலேயே காட்டிவிடலாம். யாரும் அதைச் சடங்கோடு முடிச்சுப் போட மாட்டார்கள்.

### பயம் யார் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானே இதில் மோசமாகத் தவறினேன். என் இரண்டாவது வடிவத்தில் ஆளைப் பலி கொடுப்பவர்கள் வயலில் வேலை செய்யும் தெருக்காரர்களாக இருந்தார்கள். அவர்களுடைய சாமியை நான் ரத்தம் கேட்கும் சாமியாக ஆக்கியிருந்தேன். விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு தோழி படித்துவிட்டு, “மதகு உடைஞ்சா யாரு வயலு முழுகும்? யாரு இறங்கணும்னு யாரு சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். இந்த மண்ணில் அறுவடையையும் கூலியையும் வைத்துத் திகில் எழுதுகிறவர், கொடுமை எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதைப் புரட்டிப் போடக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் நிலக்காரர்களைச் சடங்கின் சொந்தக்காரர்களாக மாற்றினேன். கதையும் அதற்குப் பிறகுதான் நின்றது.

இன்னொரு எச்சரிக்கை. உண்மையில் கும்பிடப்படும் ஒரு சாமியின் பெயரை, உண்மையான ஒரு கோவிலின் வழக்கத்தை எடுத்து அதன் தலையில் கொலையைக் கட்டாதீர்கள். ஊர், சாமி, சடங்கின் பெயர் மூன்றையும் புதிதாக வையுங்கள். வேலை, அளவு, பருவம் இவற்றை மட்டும் உள்ளபடி வையுங்கள்.

## 5. பார்க்கிறவருக்கு அங்கே ஒரு வேலை கொடுங்கள்

சடங்கைப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும், ஊர்க்காரருக்கு அது கண்ணிலேயே படாது என்பதால். பட்டணத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர், படம் எடுக்க வருபவர், நீண்ட நாள் கழித்துத் திரும்பும் மகன் என்று எழுதுகிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள சிக்கல், கேள்வி கேட்பதே அவர்கள் வேலை என்பது. கேள்வி கேட்பவருக்கு ஊர் விளக்கம் சொல்லும். விளக்கம் வந்துவிட்டால் பயம் போய்விடும்.

நான் வண்டியின் கிளீனர் பையனை எடுத்தேன். பெயர் செல்வம், வயது பத்தொன்பது, வேறு மாவட்டத்துக்காரன். பருவத்துக்குப் பருவம் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன். எத்தனையோ ஊர் வழக்கத்தைப் பார்த்திருப்பதால் எதற்கும் வியக்க மாட்டான். அங்கே நான்கு நாள் தங்குவதற்கு அவனுக்குக் காரணம் இருக்கிறது. திடீரென்று காணாமல் போனால் தேடுவதற்கு அந்த ஊரில் யாரும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கதையில் எங்கேயும் எழுதவில்லை.

முக்கியமாக, அவனைச் சடங்குக்குள் இழுக்கும் கொக்கியை முதல் காட்சியிலேயே போட்டுவிட வேண்டும், அன்பான ஒரு பேச்சாக. பனி காயக் காத்திருக்கும்போது நிலக்காரப் பெரியவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்:

“மூலையறுக்க ஒரு ஆள் கொறையுது தம்பி. வண்டி ஏறினப்புறம் ஒரு கை குடு. கூலி தர்றேன்.”

“சரிங்கய்யா.”

“பணமா வேணுமா, நெல்லா வேணுமா?”

“நெல்ல வச்சு நான் என்னங்கய்யா பண்ணப் போறேன். பணமாவே குடுங்க.”

“நெல்லா வாங்கிக்கயேன். வீட்டுக்கு அனுப்பலாம்ல.”

முதல்முறை படிக்கும்போது இது பெரிய மனசுள்ள ஒரு மனிதரின் பேச்சு. இரண்டாவது முறை படிப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்காகத்தான் மொத்தக் கதையும்.

## 6. தடயங்களை எண்ணி, வரிசை போட்டு வையுங்கள்

ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு வேறு வழியாக வரட்டும்: ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று கைக்கு. எல்லாமே வாய்ப்பேச்சாக வந்தால் கதை விசாரணை போல ஆகிவிடும். எட்டு என்ற எண்ணை நான் கோர்த்த விதம் இது.

முதலில் கற்கள். மதகுக் கரையில் மஞ்சள் பூசிய சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன. செல்வம் அதில் ஒன்றின் மேல் துண்டைக் காயப் போடுகிறான். ஒரு அம்மா வந்து ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்து வரப்பில் போட்டுவிட்டுப் போகிறார். கல் எத்தனை என்று நான் இங்கே சொல்லவில்லை.

இரண்டாவது, பிள்ளைகள். சாலையில் காயும் நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி விளையாடும் பிள்ளைகள் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுகிறார்கள். எட்டு வந்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். கடைசியாக நிற்பவன் தோற்றான். தோற்றவனைப் பார்த்துக் கத்துகிறார்கள், “இறங்கு, இறங்கு.”

மூன்றாவது, இரவு. குவியலுக்குக் காவல் படுத்திருக்கும் முதியவர், பேச்சுவாக்கில் புயல் வருடத்தைச் சொல்கிறார். டெல்டாவில் வயதானவர்கள் வருடத்தைப் புயலால்தான் நினைவு வைத்திருப்பார்கள். பழைய ஆட்களுக்கு எழுபத்தேழு, இளையவர்களுக்கு 2018இல் வந்த கஜா. “எழுபத்தேழு வரைக்கும் ஏழு. அப்புறம் எட்டு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். செல்வம் அதை மூட்டைக் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறான்.

நான்காவதாக, அறுக்கும்போது கற்களை எண்ணுகிறான். வேண்டுமென்று எண்ணவில்லை. குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அவை கண் முன்னால் இருக்கின்றன. எட்டு. பக்கத்தில் மண் புதிதாகக் கொத்தப்பட்டு ஒரு குழி.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது தடயம் முடியும்போது வாசகருக்கு உங்கள் பாத்திரத்தைவிட அரை அடி முன்னால் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அடி முன்னால் தெரிந்துவிட்டால் பாத்திரம் முட்டாளாகத் தெரியும். என் முதல் வடிவத்தில் குழியை முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டேன். படித்த எல்லோரும், “அவன் ஏன் ஓடிப் போகல?” என்றுதான் கேட்டார்கள். குழியை நான்காம் தடயத்துக்குத் தள்ளியதும் அந்தக் கேள்வி நின்றுபோனது.

ஐந்தாவது தடயம் அளப்பது. அதற்குத் தனியாக வருகிறேன்.

## 7. ஊர்க்காரர்களைச் சாதாரணமாகப் பேசவிடுங்கள்

வெறித்துப் பார்க்கும் கிழவி, சிரிக்காத பிள்ளைகள், வெளியாளைக் கண்டதும் கதவடைக்கும் தெரு: இவற்றை எழுதிய கையோடு அடித்துவிடுங்கள். கெட்டதை நூறு வருடமாகச் செய்துவரும் ஊர் அதைப் பற்றி இறுக்கமாக இருக்காது. கரண்டு எப்போது வரும், கொள்முதல் நிலையத்தில் சாக்கு இருக்கிறதா, சின்னவனுக்குப் பெண் அமைந்ததா என்றுதான் பேசிக்கொண்டிருக்கும்.

உள்ளே இருப்பது தெரிய ஒரே ஒரு வழிதான் வைத்தேன். மதகு மூலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் ‘யார்’ என்று சொல்லாமல் பேசுவார்கள். “அளந்து வச்சிடணும்”, “இறக்கிட்டாங்க”, “வாங்கிக்கிட்டாச்சு.” தமிழில் எழுவாய் இல்லாமல் பேசுவது இயல்பு என்பதால் வாசகர் இதைக் கவனிப்பதில்லை. யார் இறக்கினார், யாரை என்பது கடைசிவரை வாக்கியத்துக்கு வெளியிலேயே நிற்கிறது. நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கும் வசதி இது. இதைப் பயன்படுத்தாமல், பெரிய அம்மா ஒருவரை உட்கார வைத்துப் பழங்கதையை முழுதும் சொல்ல வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

## 8. முடிவை அளவையிலேயே நிறுத்துங்கள்

பெரும்பாலான கதைகள் கெடுவது கடைசிப் பக்கத்தில்தான். அரிவாள், ஓட்டம், அலறல் எல்லாம் வந்ததும் அது வேறு எந்தத் திகில் கதையாகவும் ஆகிவிடுகிறது. நீங்கள் கட்டியது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு எண் கூடும்போதே கதை முடிந்துவிட்டது.

‘எட்டு மரக்கால்’ முடியும் இடம் இது. வெயில் சாயும் நேரம். நெல்லை அடித்துத் தூற்றியாகிவிட்டது. பெரியவர் மரக்காலை எடுத்து அள்ளி, விரலால் தலைவழித்து, சாக்கில் கொட்டுகிறார். லாபம். ரெண்டு. செல்வத்தின் மனதில் கற்களும் கூடவே நகர்கின்றன. முதல் கல்லுக்கு ‘லாபம்’ என்று பெயர் வந்துவிட்டதை அவன் கவனிக்கிறான். எட்டு வருகிறது. அவர் நிறுத்தி, சாக்கின் வாயைக் கட்டுகிறார். அவனுக்கு மூச்சு வருகிறது. பிறகு அவர் வேறொரு மரக்கால் நெல்லை அள்ளித் தலைவழித்து, கொட்டாமல், அவன் பக்கம் திரும்புகிறார்.

“துண்டை விரி தம்பி. உன் கூலி.”

நான் எழுதிய முந்தைய மூன்று முடிவுகளிலும் அவன் விரித்தானா இல்லையா என்று சொல்லியிருந்தேன். நான்காவதில் அவன் கையில் இருக்கும் துண்டை மட்டும் சொன்னேன். முன்பு கல்லிலிருந்து எடுத்து வரப்பில் போடப்பட்ட அதே துண்டு.

ஒன்பது என்ற சொல் கதையில் எங்கேயும் வரவில்லை. உங்கள் கதையிலும் அந்த எண்ணை, அந்தப் பெயரை, அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து எடுத்துவிடுங்கள்.

## 9. திருத்தும்போது மூன்று வாசிப்பு

முதல் வாசிப்பில் சடங்கு தொடர்பான வரிகளை மட்டும் தனியாகப் பிரித்துப் படியுங்கள். அவற்றில் ‘விசித்திரமான’, ‘மர்மமான’, ‘ஏதோ ஒரு’ போன்ற சொற்கள் இருந்தால் எடுங்கள். அவை வாசகரின் வேலையை நீங்கள் செய்கிற இடங்கள்.

இரண்டாவது வாசிப்பு, வேலை தெரிந்தவருக்கு. பருவம், நேரம், அளவு, கருவியின் பெயர் இவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பிழை சொல்லக் கூச்சப்படுவார்கள். எனக்கு இந்த வாசிப்பில் இன்னொரு பிழை கிடைத்தது. காலை ஏழு மணிக்கே வண்டியை வயலில் ஓடவிட்டிருந்தேன், பனியிலேயே.

மூன்றாவது, கதை தெரியாத ஒருவருக்கு முதல் பாதியை மட்டும் கொடுங்கள். படித்து முடித்ததும் என்ன நடக்கும் என்று கேட்காமல், எதுவெல்லாம் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் டீயையும் பிள்ளைகள் விளையாட்டையும் சொல்லிவிட்டுக் கற்களைச் சொல்ல மறந்தால், கற்கள் சரியான ஆழத்தில் இருக்கின்றன. முதல் வார்த்தையிலேயே கற்களைச் சொன்னால் அந்த வரியைச் சுருக்குங்கள். துண்டு காயப் போடுவதை முன்னால் கொண்டுவந்து, கல்லை அந்த வாக்கியத்தின் நடுவில் வையுங்கள்.